பத்து சீட்டுக்கு பத்தாயிரம் ஃபாலோயரா?

மக்களே, கொஞ்சம் காட்டமான பதிவு. ட்யூஷன் எடுக்குற டீச்சர்களுக்கு "சோஷியல் மீடியா ப்ளான்" போட்டுத் தர்றோம்னு கிளம்பியிருக்கிற கோஷ்டியைப் பத்தி. நமக்கும் ஆபீஸ்ல விளம்பரக் காசை எங்க எரிக்கலாம்னு பார்க்குறதுதான் ஆணி. அதனால இவங்க போடுற பிளானைப் படிச்சா, எந்த வரி எங்கேர்ந்து காப்பி அடிச்சதுன்னு ஓரளவு தெரியும்.

பெரியப்பா பையனோட சம்சாரம், எனக்கு அண்ணி, சேலையூர்ல கேம்ப் ரோடு பக்கம் வீட்டு முன்னறையில 9, 10-ம் வகுப்புக்குக் கணக்கு எடுக்குறாங்க. (ஸ்கூல் டீச்சர் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூட ஆசிரியர் தனி ட்யூஷன் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. அதுக்கு யாராச்சும் கும்ம வந்துடாதீங்க.) சாயங்காலம் ரெண்டு பேட்ச். பேட்சுக்குப் பன்னெண்டு பேர், மொத்தம் 24 சீட். மாசம் 1,500 ரூபாய். 2025 மே மாசம் பத்தாவது பசங்க முடிச்சுக் கிளம்பினதும் பத்து சீட் காலி. இதுதான் பிரச்சனையின் மொத்த அளவு. பத்து.

இதுக்கு ஒரு ஏஜென்சி (பேர் வேண்டாம், எல்லாம் ஒரே அச்சுதான்) ஆறு பக்கத்துக்கு ப்ளான் குடுத்திருக்கு. மாசம் 12 போஸ்டர், 8 ரீல்ஸ், மூணு மாசத்துல 5,000 ஃபாலோயர்ஸ், "ப்ராண்ட் பில்டிங்". ஏஜென்சிக்கு மாசம் 12,000. அதுபோக பூஸ்ட் பண்ண 5,000, அதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா 5,900. ஆகமொத்தம் மாசம் 17,900. இப்ப அந்தப் பத்து சீட்டும் ஒரே நாள்ல ரொம்பிடுச்சுன்னே வெச்சுக்குங்க. அதுல வர்ற காசு மாசம் 15,000. பத்தாவது கணக்கு வாத்தியாரம்மாவுக்கே இந்தக் கழித்தல் கணக்கைக் காட்டாம விட்டிருக்காங்க பாருங்க, அங்கதான் நிக்கிறாங்க :-)

சரி, காசை விடுங்க. இந்த ப்ளான் யாரைப் பார்த்துப் பேசுதுங்கிறதுதான் என் முதல் சண்டை. ரீல்ஸ்ல ட்ரெண்டிங் பாட்டு, அண்ணி "டென்த் ஸ்டூடண்ட்ஸ் பி லைக்"னு நடிக்கணுமாம். அதைப் பார்த்துச் சிரிக்கப் போறது பதினஞ்சு வயசுப் பையன். அவன் சிரிச்சுட்டுத் தள்ளிவிட்டுப் போயிடுவான். ட்யூஷனுக்கு எங்க சேர்றதுன்னு முடிவு பண்றது அவனா? ராத்திரி பாத்திரம் கழுவிட்டு ஒன்பதரைக்கு மேல போனைக் கையில எடுக்குறாங்களே அவங்க அம்மா, அவங்க. இல்லேன்னா ஷேர் ஆட்டோவுல வரும்போது பார்க்குற அப்பா. அவங்க தேடுறது டான்ஸ் இல்லை. எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு விடுவாங்க, பொண்ணு தனியா நடந்து வரலாமா, ஒரு பேட்சுல எத்தனை பேர், வரலைன்னா எனக்கு மெசேஜ் வருமா, ஃபீஸ் எவ்வளவு. இந்த ஆறு கேள்விக்கு அந்த ஆறு பக்கத்துல ஒரு பதில் கூட இல்லை.

முதல் மாச ரிப்போர்ட்டை அண்ணி எனக்கு அனுப்பினாங்க. "தம்பி, 41,000 பேர் பார்த்திருக்காங்களாம், ஆனா போன் ஒண்ணும் வரலையே, என்னன்னு பாருங்க"ன்னு. ரிப்போர்ட்ல அழகழகா வட்டம், கோடு எல்லாம் இருந்தது. ஒண்ணு மட்டும் இல்லை. வயசுவாரியா, ஆண் பெண் வாரியா பிரிச்ச பட்டியல். அதைக் கேட்டு வாங்கினோம். பாதிக்கு மேல 18லேர்ந்து 24 வயசுப் பசங்க. கல்யாணமே ஆகாதவங்க கிட்ட "உங்கள் குழந்தையின் எதிர்காலம்"னு போஸ்டர் காட்டியிருக்காங்க!

இது எப்படி நடக்குதுன்னு சொல்றேன், உங்களுக்கும் உதவும். ஃபேஸ்புக், இன்ஸ்டாவுல விளம்பரம் போடும்போது இப்ப முதல்ல வந்து நிக்கிறது `Advantage+ audience`ங்கிற முறை. அதுல 35லேர்ந்து 50 வயசுன்னு நீங்க போட்டாலும், அதை ஒரு யோசனையா மட்டும்தான் மெஷின் எடுத்துக்கும். ஊர், குறைஞ்சபட்ச வயசு மாதிரி சிலதுதான் கறாரா நிக்கும். மத்ததெல்லாம் அது இஷ்டம். அதுவும் "நிறைய பேர் பார்க்கணும்"னு இலக்கு வெச்சா, யாருக்குக் காட்டினா மலிவோ அவங்களுக்குத்தான் காட்டும். நாள் முழுக்க ரீல்ஸ் தள்ளுற காலேஜ் பசங்கதான் மலிவு. ஆக 41,000ங்கிறது மலிவாக் கிடைச்ச கண்ணுங்களோட எண்ணிக்கை. பெற்றோரோட எண்ணிக்கை இல்லை. உங்களுக்கு யாராச்சும் ரிப்போர்ட் குடுத்தா வட்டத்தையெல்லாம் விட்டுட்டு இந்த ஒரு பட்டியலைக் கேளுங்க. தர மழுப்பினாங்கன்னா விஷயம் புரிஞ்சிடும்.

இது வரைக்கும் வெறும் காசுதான் போச்சு. அடுத்ததுதான் எனக்கு வயிறு எரிஞ்ச சமாச்சாரம்.

ரிசல்ட் வந்த சூட்டோட ஏஜென்சி ஒரு போஸ்டர் போட்டுச்சு. ஒரு பொண்ணு படம். பக்கத்துல பெரிய சிவப்பு எழுத்துல "காலாண்டில் 38", அதுக்குக் கீழ பச்சையில "பொதுத்தேர்வில் 81". நடுவுல அம்புக்குறி. ஏஜென்சி ஆளு அண்ணி வீட்டுக்கு வந்தப்போ நோட்ல இருந்த மார்க்கைப் பார்த்து, "மேடம் இது செம கன்டென்ட்"னு எடுத்துக்கிட்டுப் போயிருக்கான். அம்மா கிட்ட கேட்டானாம். எப்படிக் கேட்டான்? "உங்க பொண்ணு போட்டோ வாழ்த்து போஸ்டருக்கு வேணும்"னு வாட்ஸப். அந்தம்மா கட்டைவிரல் போட்டு அனுப்பிட்டாங்க. 38ங்கிற நம்பர் வரப்போகுதுன்னு அவங்களுக்குத் தெரியாது.

81 வாங்குறதுக்கு அந்தப் பொண்ணு என்ன பாடுபட்டிருக்கும்னு அண்ணிக்குத் தெரியும். ஆனா புது ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் சேர்ந்த முதல் வாரமே, 81 இருந்த பாதியை வெட்டிட்டு 38 இருந்த பாதியை மட்டும் எவனோ க்ளாஸ் க்ரூப்புல போட்டுட்டான். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுக்கு க்ளாஸ்ல பேரே முப்பத்தெட்டு. அவங்க அப்பா அண்ணி வீட்டு வாசல்ல வந்து நின்னு சத்தம் போடலை. "மேடம், அவ உங்ககிட்டதாங்க நல்லாப் படிச்சா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார். அண்ணி அன்னிக்கே போஸ்டரை எடுக்கச் சொல்லி, ஏஜென்சியையும் நிறுத்திட்டாங்க. எடுத்து என்ன பண்ண? ஸ்க்ரீன்ஷாட்டை யார் போய் எடுக்குறது?

இதைக் கேட்டா ஏஜென்சிக்காரங்க வழக்கமா ஒரு பதில் வெச்சிருக்காங்க. "சார், எல்லா சென்டரும் போடுறாங்க." வாஸ்தவம். சென்னையில எந்த சிக்னல்ல நின்னாலும் குழந்தைங்க முகமும் மார்க்கும்தான். ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. பத்தாவது, ப்ளஸ் டூ ரிசல்ட்ல மாநில முதலிடம், ரெண்டாமிடம்னு ரேங்க் அறிவிக்கிறதையே தமிழ்நாடு அரசு 2017ல நிறுத்திடுச்சு. மார்க்கை வெச்சுக் குழந்தைங்களை வரிசையா நிக்க வைக்கிறது தப்புன்னு அரசாங்கமே விட்ட வேலையை, தெருமுனை போஸ்டர் எடுத்துச் செய்யுது.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்துடலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர்ல கோச்சிங் விளம்பரத்துக்கு வழிகாட்டு நெறிமுறை கொண்டு வந்துச்சு. மாணவர் பேர், படம், அவர் சொன்ன பாராட்டு எதைப் போடணும்னாலும் எழுத்துல சம்மதம் வேணும். அந்தச் சம்மதத்தையும் ஜெயிச்சதுக்கு அப்புறம்தான் வாங்கணும், சேரும்போதே ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி வெச்சுக்கக் கூடாது. நல்ல விதி. ஆனா அது அம்பது பேருக்கு மேல படிக்கிற சென்டருக்குத்தான். "மேடம் கிட்ட 24 பேர்தானே, நமக்கு வராது சார்"னு ஏஜென்சி ஆளு என்கிட்டயே சொன்னான். சட்டம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் பண்றாங்க! பெரிய சென்டர்ல ஆயிரத்துல ஒரு முகமாப் போயிடும். 24 பேர் படிக்கிற வீட்டு ட்யூஷன்ல அது யாருன்னு தெரு முழுக்கத் தெரியும். காயம் ஜாஸ்தி இங்கதான்.

2023ல வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, 18 வயசுக்குக் கீழ இருக்கிற எல்லாரையும் குழந்தைன்னு சொல்லுது. அவங்க விவரத்தைக் கையாள பெற்றோரோட சரிபார்க்கத்தக்க சம்மதம் வேணும்னு கேக்குது. அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல வந்தாச்சு. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாசம் அவகாசம் குடுத்திருக்காங்க. ஒரு கட்டைவிரல் படத்தை சம்மதம்னு இன்னும் எத்தனை நாளைக்குக் காட்டுவாங்கன்னு பார்ப்போம்.

"குறை சொல்றது ஈஸி, நீ என்ன பண்ணிக் கிழிச்சே"ன்னு பின்னூட்டம் வரும்னு தெரியும். அதனால அக்டோபர்ல அண்ணியும் நானும் உக்காந்து பண்ணதை முழுசாச் சொல்லிடுறேன். ப்ளான்னு சொன்னா அரைப் பக்கம்தான்.

ஏன் அக்டோபர்? வீட்டுல ட்யூஷன் பேச்சு எடுக்குறது வருஷத்துல ரெண்டு தடவை. ஒண்ணு ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும். இன்னொண்ணு காலாண்டுத் தேர்வு பேப்பர் வீட்டுக்கு வர்ற வாரம். மார்க்கைப் பார்த்துட்டு அம்மா கவலையில உக்காந்திருக்கிற அந்த வாரத்தை விட்டுட்டு, வருஷம் முழுக்க மாசம் 12 போஸ்டர் போடுறது கடல்ல பெருங்காயம் கரைக்கிற வேலை.

என்ன சொல்றதுங்கிறதுல கொஞ்சம் யோசிச்சோம். அண்ணி சொன்ன யோசனைதான் எடுபட்டுச்சு. "மார்க் கம்மின்னு அம்மாங்களுக்குத் தெரியும் தம்பி. எதனால கம்மின்னு தெரியாது. அதை அவங்களே கண்டுபிடிக்கிற மாதிரி சொல்லிக் குடுத்தா?" பேப்பர் நூறு மார்க் மாதிரியில இருந்தா அது எப்படிப் பிரியுதுன்னு பாருங்க. ஒரு மார்க் பதினாலு, ரெண்டு மார்க் பத்து, அஞ்சு மார்க் பத்து, எட்டு மார்க் ரெண்டு. இந்த எட்டு மார்க் ரெண்டும் வடிவியல் படம் வரையறது ஒண்ணு, கிராஃப் ஒண்ணு. ரெண்டும் சேர்த்து 16. கணக்கையே மறந்துபோன அம்மாவும் பேப்பரோட கடைசிப் பக்கங்களைத் திருப்பி, பையன் படமும் கிராஃபும் போட்டிருக்கானா, பாதியில விட்டிருக்கானா, தொடவே இல்லையான்னு பார்த்துட முடியும். தொடவே இல்லைன்னா பெரும்பாலும் நேரம் பத்தலை, இல்லே பழக்கமே இல்லை. போட்டும் மார்க் போயிருந்தா அது வேற வியாதி. அஞ்சு மார்க் கணக்குல முதல் மூணு வரி சரியா இருந்து கடைசியில விடை தப்பா இருந்தா கவனக்குறைவு. முதல் வரியே இல்லைன்னா பாடமே புரியலை. இந்த வித்தியாசம் தெரியாமத்தான் எல்லாரும் "இன்னும் நல்லாப் படிடா"ன்னு கத்துறோம்.

அண்ணி இதை ஒன்றரை நிமிஷ வீடியோவாப் பேசினாங்க. முகம் கூட இல்லை, கையும் பேப்பரும்தான். பேப்பரும் எந்தப் பிள்ளையோடதும் இல்லை, அண்ணியே வேணும்னு தப்புத் தப்பா எழுதினது. பாட்டு கிடையாது, எஃபெக்ட் கிடையாது. என் போன்லதான் எடுத்தோம், பின்னாடி குக்கர் விசில் கூடக் கேக்கும் :-)

அடுத்தது வாட்ஸப். ஏஜென்சி ப்ளான்ல இதுக்கு ஒரே ஒரு வரி, "க்ரூப் ஆரம்பிக்கவும்". அதை மட்டும் பண்ணிடாதீங்க. க்ரூப்புல போட்டா முப்பது அம்மாங்களோட நம்பர் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சு போகும். அதுல ஒருத்தர் சீட்டு பிடிப்பார், ஒருத்தர் புடவை விப்பார். ப்ராட்காஸ்ட் லிஸ்ட்ல அனுப்பினா தனித்தனியாப் போகும், யாருக்கும் யார் நம்பரும் தெரியாது. ஆனா அதுல ஒரு கண்ணி இருக்கு. உங்க நம்பரை அவங்க போன்ல சேமிச்சு வெச்சிருந்தாத்தான் ப்ராட்காஸ்ட் போய்ச் சேரும். இல்லேன்னா போகாது. ஸ்டேட்டஸும் அப்படித்தான், ரெண்டு பக்கமும் நம்பர் சேமிச்சிருக்கணும். அதனால அண்ணி முதல்ல பண்ணது, ஏற்கனவே படிக்கிற பதினாலு பிள்ளைங்க வீட்டுக்கும் ஒவ்வொருத்தராப் போன் பண்ணி, "கணக்கு டீச்சர்னு என் நம்பரைச் சேமிச்சுக்குங்க, லீவு விட்டா இதுலதான் சொல்வேன்"னு சொன்னது. ஒரு சாயங்காலம் போச்சு. அதுக்கப்புறம்தான் வீடியோவை அனுப்பினாங்க. கீழ இந்த மெசேஜ்:

"வணக்கம். கேம்ப் ரோடு அருகே வீட்டில் 9, 10-ம் வகுப்புக் கணக்கு சொல்லித் தருகிறேன். ஒரு பேட்சில் 12 பேர். மாலை 5.30 முதல் 7 வரை, 7.15 முதல் 8.45 வரை. மாதம் ரூ.1,500. பிள்ளை வரவில்லை என்றால் பதினைந்து நிமிடத்தில் உங்களுக்குச் செய்தி வரும். முதல் இரண்டு வகுப்புக்குக் கட்டணம் இல்லை. வரும்போது காலாண்டு விடைத்தாளைக் கொண்டு வாருங்கள்."

யாருக்காச்சும் உபயோகப்பட்டா அனுப்புங்கன்னு மட்டும்தான் சொன்னாங்க. கொண்டு வந்து விட்டா ஃபீஸ்ல தள்ளுபடின்னு ஏஜென்சி ப்ளான்ல இருந்தது, அதை அண்ணி ஒத்துக்கலை. காசு வாங்கிட்டுச் சொல்றாங்கன்னு தெரிஞ்சா அந்தச் சொல்லுக்கு மதிப்பு போயிடும்னாங்க. சரியான பேச்சு. ரெண்டு அப்பார்ட்மெண்ட் க்ரூப்புல அங்க குடியிருக்கிற அம்மாங்களே அட்மினைக் கேட்டுட்டுப் போட்டாங்க.

மூணாவதா விளம்பரம். வீட்டு மேல ஊசி குத்தி மூணு கிலோமீட்டர் சுத்துவட்டம். வயசைப் பழைய முறைக்கு மாத்தி 35லேர்ந்து 50ன்னு கறாரா வெச்சேன். தட்டினா நேரா வாட்ஸப்புக்குப் போற விளம்பரம், அதே வீடியோ. ஒரு நாளைக்கு 200 ரூபாய், பதினாலு நாள். 2,800, ஜி.எஸ்.டி. 504, மொத்தம் 3,304 ரூபாய். பூஸ்ட் பட்டனைத் தொடவே இல்லை.

31 பேர் மெசேஜ் அனுப்பினாங்க. அதுல 11 பேர் சும்மா "ஹாய்", இல்லே ப்ளஸ் டூவுக்கு உண்டா, இல்லே ஆன்லைன்ல உண்டான்னு. நாலஞ்சு பேருக்கு அண்ணி மறுநாள் காலையிலதான் பதில் போட முடிஞ்சது, அவங்கள்ல யாரும் திரும்பப் பேசலை. ராத்திரி கேக்குறவங்களுக்கு ராத்திரியே ஒரு வரியாச்சும் போகணும். 9 பேர் விடைத்தாளோட வந்தாங்க. 5 பேர் சேர்ந்தாங்க. தலைக்கு 660 ரூபாய் செலவு, மார்ச் வரைக்கும் தலைக்கு 7,500 வரவு. வாட்ஸப் வழியா, காசே செலவழிக்காம, 4 பேர். ஆக ஒன்பது. பத்தாவது சீட் ஜனவரி வரைக்கும் காலியாத்தான் கிடந்தது, அப்புறம் ஸ்டேஷனரி கடைக்கார அண்ணன் தன் தங்கச்சி பையனைக் கொண்டாந்து விட்டார். அதுக்கு எந்த ப்ளானும் காரணமில்லை.

வந்த ஒன்பது பேர்ல ரெண்டு பேரை அண்ணியே வேண்டாம்னு சொல்லி அனுப்பினதையும் சொல்லணும். பேப்பரைப் பார்த்துட்டு, "உங்க பையனுக்குக் கணக்கு நல்லா வருதுங்க, நேரம்தான் பத்தலை. வீட்டுல வாரம் ஒரு தடவை மூணு மணி நேரம் உக்கார வெச்சு முழுப் பேப்பர் எழுத வைங்க, ட்யூஷன் வேண்டாம்"னுட்டாங்க. ஏஜென்சிக்காரன் கேட்டா மாரடைச்சுச் செத்துடுவான். வாட்ஸப்ல வந்த அந்த நாலு பேர்ல ஒருத்தர், வேண்டாம்னு சொல்லி அனுப்பின அம்மாவோட மாடி வீட்டுக்காரங்க.

இதே வழி எல்லாருக்கும் ஒத்து வராது. இருநூறு பேர் சேர்க்கணும்னு வாடகைக்குக் கட்டடம் எடுத்தவருக்கு பதினாலு அம்மாங்க போதாது. நீட், ஜே.இ.இ. சொல்லித் தர்றவங்க கதை வேற. அங்க பிள்ளையும் முடிவுல பங்கெடுக்கும், மூணு கிலோமீட்டர் வட்டமும் பத்தாது. நான் பேசுறது வீட்டு முன்னறையில பாய் விரிச்சுச் சொல்லித் தர்றவங்களைப் பத்தி. அவங்க கிட்டதான் இந்த ஆறு பக்க ப்ளான் அதிகமா விக்குது, ஏன்னா அவங்களுக்குத்தான் ரிப்போர்ட்டைப் படிச்சுப் பார்க்க ஆள் கிடையாது.

அண்ணி வீட்டுச் சுவர்ல இப்ப ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. "இங்கு படிக்கும் பிள்ளைகளின் படமோ மதிப்பெண்ணோ எங்கும் வெளியிடப்படாது." ஏப்ரல் சேர்க்கைக்கு அனுப்பப் போற மெசேஜ்லயும் கடைசி வரியா இதைச் சேர்த்துட்டாங்க.

டிஸ்கி: அந்தப் பொண்ணு ஊர், ஸ்கூல் எதையும் பின்னூட்டத்துல கேக்காதீங்க, வெளியிட மாட்டேன். போஸ்டரைப் பார்த்த ஞாபகம் இருக்கிறவங்களும் இங்க லிங்க் குடுத்துடாதீங்க சாமிகளா.